🌧️🏫 என்றால் லீவு: இரண்டு எமோஜிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது?

நவம்பர் மாதம், காலை ஆறரை மணி. வெளியே கொட்டுகிறது. பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ 🌧️🏫 என்று மட்டும் அனுப்புகிறார். “இன்றைக்கு லீவு விட்டாச்சா?” என்றுதான் எல்லோரும் அதைப் படிப்பார்கள். மழைப் படத்தில் லீவு இல்லை. பள்ளிப் படத்திலும் இல்லை. அப்புறம் அது எங்கிருந்து வந்தது?

இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவற்றுக்கு நடுவே ஓர் உறவைத் தேடாமல் நம்மால் இருக்க முடிவதில்லை. மழையில் நனையும் பள்ளி, மழைத்தண்ணீர் புகுந்த பள்ளி, மழையால் மூடிய பள்ளி என்று பல உறவுகள் சாத்தியம். எதை எடுப்பது என்பதை நம் பழக்கமும் சூழலும் முடிவு செய்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கலெக்டர் விடுமுறை அறிவிப்பதைப் பார்த்து வளர்ந்தவருக்கு மூன்றாவது உறவு முந்திக்கொண்டு வரும். மழையே பெய்யாத ஊர்க்காரருக்கு அது தோன்றாமலே போகலாம்.

சொற்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டினா காக்னே, எட்வர்ட் ஷோபென் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்களை ஒட்டிக் காட்டி, அவை பொருள்படுகின்றனவா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என அளந்தார்கள். ‘மலை ஓடை’ போன்ற தொடர்கள் சட்டென்று புரிகின்றன. ‘மலை’ என்ற சொல் பெரும்பாலும் இடத்தைக் காட்டவே வரும், இங்கும் அப்படித்தான் வருகிறது. ‘மலைப் பத்திரிகை’ கொஞ்சம் நேரம் எடுக்கிறது. அது மலையில் இருக்கும் பத்திரிகை அல்ல, மலையைப் பற்றிய பத்திரிகை. பழகிய உறவு என்றால் வேகம், பழகாத உறவு என்றால் தாமதம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நடுவில் வரவேண்டியது மறைந்து நிற்பதைத்தானே நாம் தொகை என்கிறோம்? ☕🍪 என்றால் டீயும் பிஸ்கட்டும், உம்மைத்தொகை, அவ்வளவுதான். புதுப்பொருள் எதுவும் பிறக்கவில்லை. ஆனால் ‘பொற்றொடி வந்தாள்’ என்னும்போது வருவது பொன்னும் அல்ல, தொடியும் அல்ல, அதை அணிந்த பெண். சொற்களுக்கு வெளியே இருந்து பொருள் வரும் இந்த அன்மொழித்தொகைக்குத்தான் 🌧️🏫 நெருங்கிய சொந்தம்.

ஆனால் சொற்களுக்கு இருக்கும் ஒரு வசதி எமோஜிக்குக் கிடையாது: வேற்றுமை உருபு. ‘நாய் அவனைத் துரத்தியது’ என்பதில் ‘ஐ’ இருப்பதால் குழப்பமில்லை. 🏃🐕 என்பதில் யார் யாரைத் துரத்துகிறார்கள்? படத்தை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஓடுபவரும் நாயும் இடப்பக்கம் பார்த்தே இருப்பார்கள். ஆகவே இடது ஓரத்தில் இருப்பவர் முன்னே ஓடுகிறார், நாய் பின்னால் வருகிறது. 🐕🏃 என்று மாற்றினால் துரத்துபவர் மனிதர். உருபு செய்யும் வேலையை இங்கே முகம் திரும்பியிருக்கும் திசை செய்கிறது.

திசை பலருக்கும் தேவைப்பட்டது. 2023இல் வலப்பக்கம் ஓடுபவரும் வந்தார். வந்த விதம்தான் சுவாரஸ்யம்: எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அவருக்குத் தனியாக ஓர் எண் ஒதுக்கவில்லை. பழைய ஓட்டக்காரரையும் வலது அம்புக்குறியையும், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியை வைத்து ஒட்டினார்கள். யூனிகோடில் அதன் எண் U+200D. அரபி, இந்திய எழுத்துகளில் வடிவங்களைச் சேர்த்துக் காட்டுவதற்காக முன்பே இருந்த குறி அது. சிங்களத்தில் கூட்டெழுத்துகளுக்கு இன்றும் பயன்படுகிறது.

2020இல் வந்த பனிக்கரடியும் இதே வழிதான்:

```
🐻 + U+200D + ❄️ = 🐻‍❄️
U+1F43B U+200D U+2744 U+FE0F
```

கடைசியில் இருக்கும் FE0F, பனித்துகளை வண்ணப் படமாகக் காட்டு என்று போனுக்குச் சொல்வது. இணைப்புக் குறி இல்லாமல் 🐻❄️ என்று அனுப்பினால், ‘குளிருது’ என்றோ ‘கரடி தூங்கும் காலம்’ என்றோ படிப்பவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறோம். குறி இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அது பனிக்கரடிதான். படிப்பவர் ஊகிக்க வேண்டிய உறவை எழுத்துருவே முடிவு செய்துவிடுகிறது. 👩 உடன் 🍳 சேர்ந்தால் சமையல் கலைஞர் 👩‍🍳, 🐈 உடன் ⬛ சேர்ந்தால் கறுப்புப் பூனை 🐈‍⬛. முதலாவது தொழில், இரண்டாவது நிறம். ஒட்டும் குறி ஒன்றே, உறவுதான் வேறு வேறு.

இது எல்லா இணைகளுக்கும் பலிக்காது. 🌧️ உடன் 🏫 நடுவில் அந்தக் குறியைச் செருகினாலும் லீவுக்கு ஒரு படம் வந்துவிடாது. எழுத்துருவில் யாராவது அந்தப் படத்தை வரைந்து வைத்திருக்க வேண்டும். வரையாவிட்டால் போன் இரண்டையும் தனித்தனியே காட்டும். புதுப்பிக்காத பழைய போனிலும் இதே கதைதான். நீங்கள் பனிக்கரடி அனுப்பினால், அங்கே கரடி ஒன்றும் பனித்துகள் ஒன்றுமாகப் போய் இறங்கும். “ஏன், காய்ச்சலா?” என்று பதில் வந்தால், தவறு உங்களுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.