அந்த 20 லிட்டர் டீசலை வாட்ச்மேன் திருடவில்லை

ஜென்செட் சர்வீஸ் தொழிலில் இருக்கிறேன். இந்தக் கோடையில் மட்டும் மூன்று அடுக்ககங்களில் "டீசல் திருடு போகிறது, வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். மூன்றிலும் திருட்டு இல்லை. கடைசியாகப் போன இடத்தில், நான் போவதற்கு நான்கு நாள் முன்பே வாட்ச்மேனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு வருடம் அந்த வாசலில் இருந்த மனிதர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாம்பரம் பக்கம் 16 வீடுகள் உள்ள கட்டடம் அது. 25 கேவிஏ ஜென்செட். ஒவ்வொரு வீட்டுக்கும் ஈபி யூனிட்டைத் தனியாகவும் ஜென்செட் யூனிட்டைத் தனியாகவும் காட்டும் மீட்டர் இருக்கிறது. மே மாதம் 30 மணி நேரம் ஓடி, 240 யூனிட் கொடுத்து, 90 லிட்டர் குடித்திருக்கிறது. செலவு கையைக் கடித்ததால், ஜூனில் ஜென்செட் ஓடும்போது யாரும் ஏசி போடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். யூனிட் 110 ஆகக் குறைந்தது. ஓடிய நேரம் அதே 30 மணி. டீசல் மட்டும் 61 லிட்டர்.

பொருளாளர் நோட்டை என்னிடம் நீட்டினார். சிவப்பு மையில் கணக்குப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். 240 யூனிட்டுக்கு 90 லிட்டர் என்றால் 110 யூனிட்டுக்கு 41 லிட்டர்தானே ஆக வேண்டும்? மீதி 20 லிட்டர் எங்கே? டீசல் வாங்கிவரும் கேனும் சரியாக 20 லிட்டர். ஆக, ஒரு கேன் வெளியே போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

தப்பு எங்கே என்றால், ஜென்செட்டை எல்லாரும் ஈபி மாதிரி நினைக்கிறார்கள். ஈபியில் சுவிட்சை அணைத்தால் மீட்டர் நிற்கும். ஜென்செட்டில் 16 வீடுகளும் சுவிட்சை அணைத்தாலும் இன்ஜின் அதே 1500 சுற்றில்தான் சுழன்றுகொண்டிருக்கும். தன்னைத் தானே சுழற்றிக்கொள்ள, தன் ஃபேனைச் சுற்ற, அதற்கு டீசல் வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டில் வண்டியை ஆஃப் செய்யாமல் மணிக்கணக்கில் நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, பெட்ரோல் ஏன் குறைந்தது என்று யாராவது கேட்பார்களா? இங்கே மட்டும் கேட்கிறார்கள். "ஒரு லிட்டருக்கு இத்தனை யூனிட்" என்று ஒரே கணக்கு எந்த ஜென்செட்டுக்கும் கிடையாது. லோடு நன்றாக இருந்தால் லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் வரும். லோடு குறையக் குறைய அது ஒன்றரை, ஒன்று என்று இறங்கிவிடும். டீசலை யாரும் எடுக்க வேண்டியதில்லை.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று கையோடு காட்டினேன். பேனலில் வெளியே போகும் பிரேக்கரை இறக்கிவிட்டு, இன்ஜினுக்கு டீசல் போகும் பைப்பை டேங்கிலிருந்து எடுத்து, அளவுக்கோடு போட்ட 5 லிட்டர் கேனில் விட்டேன். ரிட்டர்ன் பைப்பையும் அதே கேனில் விட வேண்டும். இதை மறந்தால், இன்ஜின் திருப்பி அனுப்பும் டீசலும் செலவுக் கணக்கில் சேர்ந்துவிடும். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அரை மணி நேரம் சும்மா ஓடியதில் கேனில் 600 மில்லி குறைந்தது. அதாவது மணிக்கு 1.2 லிட்டர். 30 மணி நேரத்துக்கு 36 லிட்டர், ஒரு பல்புகூட எரியாமல். மே மாத 90 லிட்டரில் இந்த 36 போக மிச்சம் 54. அதை 240 ஆல் வகுத்தால் யூனிட்டுக்குக் கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதே கணக்கில் ஜூனின் 110 யூனிட்டுக்கு 25 லிட்டர். 36-ஐயும் 25-ஐயும் கூட்டிப் பாருங்கள். 61.

பொருளாளர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

சரி, செலவை எப்படிப் பிரிப்பது? எல்லாருக்கும் சமம் என்றால் இரண்டு ஃபேன் ஓட்டும் வயதான தம்பதி மற்றவர்களின் செலவையும் சேர்த்துச் சுமப்பார்கள். முழுக்க யூனிட் கணக்கு என்றால் அது வேறு வினை. நாலு வீடு பயந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். சும்மா ஓடும் 36 லிட்டர் மீதி வீடுகள் தலையில் விழும். யூனிட் விலை ஏறும், இன்னும் நாலு வீடு அணைக்கும். இரண்டாகப் பிரிப்பதுதான் வழி. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சும்மா ஓடிய 36 லிட்டருக்கு 3,312 ரூபாய், வீட்டுக்கு 207. மீதி 25 லிட்டருக்கு 2,300 ரூபாய். 110 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 21. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு மூன்றும் இழுத்த 30 யூனிட்டை எல்லாரும் சமமாகப் பங்கு போட்டால் வீட்டுக்கு இன்னும் 39. ஆக எல்லாருக்கும் 246 ரூபாய், அதற்கு மேல் அவரவர் மீட்டர் காட்டும் யூனிட்டுக்கு 21. 3 யூனிட் எடுத்த அந்தத் தம்பதிக்கு 309, 12 யூனிட் எடுத்த வீட்டுக்கு 498. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் 246 உண்டு. ஆயில், ஃபில்டர், பேட்டரி செலவும் சமப் பங்குதான். அவை ஓடிய நேரத்தையும் மாதத்தையும் வைத்து வரும் செலவு, யூனிட்டை வைத்து அல்ல.

"எங்களிடம்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே, நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்று இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தோம். ஜென்செட் ஓடிக்கொண்டிருந்தது, இன்வெர்ட்டரில் சார்ஜிங் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜென்செட் லைனில் கரன்ட் வந்ததும் இன்வெர்ட்டர் அதை ஈபி என்றே நினைத்துக்கொள்ளும். இறங்கிப்போன 150 ஏஎச் பேட்டரியை ஏற்றக் கால் கிலோவாட் அளவுக்கு இழுக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். கட்டடத்திலேயே விலை கூடிய கரன்டில் பேட்டரி ஏற்றிக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல். இன்வெர்ட்டர் லைனை ஈபி பக்கம் மட்டும் வரும்படி மாற்ற ஒரு எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. அதை லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள், நீங்களே ஒயரை மாற்றிக் குத்தாதீர்கள்.

இனி ஜென்செட் ஓடும் ஒவ்வொரு முறையும் பேனலில் உள்ள ஹவர் மீட்டரை, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் நோட்டில் எழுதுங்கள். டீசல் ஊற்றிய அளவைத் தேதியோடு எழுதுங்கள். சும்மா ஓடும் சோதனையை வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள், அரை மணிக்கு மேல் வேண்டாம். லோடு இல்லாமல் நெடுநேரம் ஓட்டினால் எரியாத டீசல் கறுப்புப் பிசினாகி சைலன்சரில் ஒழுகும். இத்தனையும் எழுதிய பிறகும் கணக்குக்கு மேல் டீசல் போனால் முதலில் புகையைப் பாருங்கள். கறுப்பாக வந்தால் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ அடைத்திருக்கிறது. அடுத்து பைப்பில் ஒழுகலைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அப்புறம் ஆளைச் சந்தேகப்படுங்கள்.

நான் கிளம்பும்போது செயலாளர் அந்த வாட்ச்மேனுக்கு போன் போட்டார். "பரவாயில்லை சார், பக்கத்துத் தெருவில் சேர்ந்துட்டேன்" என்றாராம். நிறுத்திவைத்த 12 நாள் சம்பளத்தை அன்றே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.