செல்லுக்கு மூக்கு இல்லை

ஒரு பள்ளிக் கையேட்டில் மறுபடியும் அதே வாக்கியம்: "செல்கள் மூச்சு விடுகின்றன." அடுத்த வரியில் மைட்டோகாண்ட்ரியா 'செல்லின் நுரையீரல்' ஆகிவிட்டது!

கையேடு சொல்ல வந்தது செல் சுவாசத்தை, அதாவது செல் உணவிலிருந்து ஆற்றல் எடுப்பதை. சுவாசம் வடமொழிச் சொல். அங்கே அதற்குப் பொருள் மூச்சுதான். 'ரெஸ்பிரேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் மூச்சையே குறிக்கிறது. ஆக, குழப்பம் சொல்லோடு கூடப் பிறந்தது.

மூச்சுவிடுதல் தசைகளின் வேலை. உதரவிதானம் கீழே இறங்கி மார்புக்கூடு விரிந்தால் காற்று உள்ளே வரும். 21 சதவீத ஆக்சிஜனோடு உள்ளே போகும் காற்று, சுமார் 16 சதவீதத்தோடு வெளியே வரும். குறைந்த ஆக்சிஜன் எங்கே போனது? அங்கேதான் செல் சுவாசம் வருகிறது. முதலில் செல்லின் சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடையும். இதற்கு ஆக்சிஜனே வேண்டாம். நிகரமாகக் கிடைப்பது, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் 2. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனதும் கரியமில வாயுவாகச் சிதைகிறது. பிரிந்த எலக்ட்ரான்கள் உட்சவ்வில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்சிஜனிடம் சேர, அது நீராகிறது. ஏடிபியில் பெரும்பங்கு உருவாவது இந்தக் கட்டத்தில்தான்; மொத்தம் சுமார் 30. நாம் இழுத்த ஆக்சிஜன்தான் கரியமில வாயுவாகத் திரும்புகிறது என்று இன்னமும் சொல்லித்தருகிறார்கள். அது நீராகிறது ஐயா!

மூச்சுவிடுதலும் செல் சுவாசமும் வேறு என்பதற்கு சயனைடு நஞ்சே சாட்சி. ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைக் கொடுக்கும் கடைசி நொதியை அது முடக்கிவிடும். ஆரம்பத்தில் நுரையீரல் இயங்குகிறது, மூச்சு வேகமாகக்கூட ஓடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. செல்லால்தான் அதைப் பயன்படுத்த முடியவில்லை. அதனால் சிரை ரத்தம்கூடப் பளிச்சென்று சிவந்திருக்கும். மூச்சு நடக்கிறது, சுவாசம் நின்றுவிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'உயிரணு உயிர்ப்பு' என்கிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் பழந்தமிழில் உயிர்த்தல் என்றாலும் மூச்சுவிடுதலே. பெருமூச்சுக்குப் பெயர் நெட்டுயிர்ப்பு. வடமொழியைத் துரத்திவிட்டு அதே குழப்பத்தைத் தமிழில் குடிவைப்பதால் யாருக்கு லாபம்? போதாததற்கு, இன்று 'உயிர்ப்புள்ள நடை' என்றால் துடிப்பான நடை. தேவாலயத்தில் உயிர்ப்பு என்றால் இயேசு உயிர்த்தெழுந்தது. 'உயிரணுவின் உயிர்ப்பு' என்று படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, செத்த செல் எழுந்துவிட்டது என்று நினைத்தால் குற்றம் யாருடையது?

இலங்கைப் பாடநூல்களின் 'கலச்சுவாசம்' எனக்குப் பிடிக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு அவர்கள் சொல்லும் 'இழைமணி' இன்னும் நேர்த்தி. கிரேக்க மூலத்திலும் இழை, மணி இரண்டும்தான் இருக்கின்றன. இங்கே 'செல் சுவாசம்' பழகிவிட்டது, அதுவே இருக்கட்டும். மார்பு ஏறி இறங்குவதற்கு மட்டும் மூச்சுவிடுதல் என்றே எழுதுங்கள். 'சுவாசப் பயிற்சி' வகுப்புகளும் மூச்சுப் பயிற்சி என்றே பலகை வைக்கலாம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு யாரும் அங்கே பயிற்சி கொடுப்பதில்லை.