கண்ணாடிக்குள் ஒரு நட்சத்திரம்

முதலாண்டு பல் மருத்துவ மாணவர்களை வரவேற்று இருபது நிமிடம் பேசச் சொல்லியிருந்தார்கள். பொறுமை, கைப்பழக்கம், பரிவு என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். பின்வரிசையில் பெற்றோர்கள், மேலே மின்விசிறிச் சத்தம், வெளியே சென்னை வெயில். நான் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் நாலைந்து தாளும் எடுத்துக்கொண்டு போனேன்.

தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். அதன் பின்னால் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, கை நேராகத் தெரியாதபடி ஒரு அட்டையால் மறைத்தேன். முன்வரிசைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, கண்ணாடியை மட்டும் பார்த்து இரண்டு கோட்டுக்கும் நடுவே பேனாவை ஓட்டச் சொன்னேன். பக்கவாட்டில் சரளமாகப் போனான். சாய்கோடு வந்ததும் பேனா நின்றது, நடுங்கியது, வெளியே ஓடியது. அரங்கமே சிரித்தது. அவன் அம்மாதான் முதலில் சிரித்தார்.

நடப்பது இதுதான். எதிரே நிற்கும் கண்ணாடி இட வலத்தை மாற்றுவதில்லை. முன் பின்னைத்தான் மாற்றுகிறது. கையை நம்மை நோக்கி இழுத்தால், பிம்பம் நம்மைவிட்டு விலகிப் போகிறது. சாய்கோட்டில் பக்கவாட்டு நகர்வு நேராகவும் முன்பின் நகர்வு தலைகீழாகவும் சேர்ந்து வருவதால் அங்கேதான் கை குழம்பும். கோடு விலகியதும் மூளை பழக்கதோஷத்தில் உடனே திருத்தப் பார்க்கும். அந்தத் திருத்தம் தப்பான பக்கம் போய் விலகலை இன்னும் கூட்டும். வேகமாகத் திருத்தத் திருத்த மோசமாகும். பேனாவை நிறுத்தி, பிடியைத் தளர்த்தி, மெல்ல நகர்த்துகிறவருக்குத்தான் வழி பிடிபடும். பொறுமை என்று தலைப்பில் போட்டிருந்தார்களே, அதற்கு இந்த வேலையில் அர்த்தம் இவ்வளவுதான்.

மேல் கடைவாய்ப் பல்லின் உட்பக்கம் நேர்ப்பார்வைக்குச் சிக்காது. கழுத்தை வளைத்துப் பார்க்கலாம். சில வருஷத்தில் கழுத்துவலியோடு திரியவும் செய்யலாம். அதனால் இடக்கையில் மௌத் மிரர், வலக்கையில் கருவி, கண் கண்ணாடியில். மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்க வேண்டும். நோயாளி தலையை அசைத்தால் கையும் கூடவே அசையும், கருவி வழுக்காது. கண்ணாடி மூச்சில் மங்கினால் கன்னத்தின் உட்புறத்தில் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் புரிந்துகொள்வதால் வருவதில்லை. அமெரிக்கரான ஹென்றி மொலைசன் 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. மாண்ட்ரியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரை மூன்று நாள் இதே போல் கண்ணாடி பார்த்து நட்சத்திரம் வரைய வைத்தார். முந்தின நாள் வரைந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. தவறுகளோ நாளுக்கு நாள் குறைந்தன. கை கற்பதற்கு மூளையில் தனிப் பாதை உண்டு என்பதற்கு அது பெரிய சான்று. எவ்வளவு படித்தாலும் அந்தப் பாதை திறக்காது, கை ஓடி ஓடித்தான் திறக்கும். தினம் ஐந்து நட்சத்திரம் போடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஆனால் கண்ணாடியின் கோணம் மாறினால் பழகியதில் பாதிதான் உதவும். மேல்வரிசையில் தேறிய கை, கீழ்வரிசையில் மறுபடி தடுமாறும்.

பரிவுக்கு வந்தபோது என் கதையைத்தான் சொன்னேன். மூன்றாம் ஆண்டில் ஒரு பூக்கார அம்மாவுக்கு மேல்வரிசையில் பல் சுத்தம் செய்தேன். அரை மணி நேரம் கண்ணாடியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. முடித்த பிறகு பார்த்தால் அவர் உதட்டோரம் கன்றிப் போயிருந்தது. மிரரின் காம்பு அவ்வளவு நேரமும் அங்கே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

“சொல்லியிருக்கலாமேம்மா?”

“படிக்கிற புள்ள, பயந்துடுவியேன்னு இருந்துட்டேன் கண்ணு.”

அன்று எனக்குப் பரிவு இல்லாமல் இல்லை. பிம்பத்தைத் திருப்பிப் போடுவதிலேயே கவனம் முழுக்கச் செலவாகி, அவர் முகத்துக்கு மிச்சம் இருக்கவில்லை. கை தானாக ஓடத் தொடங்கிய பிறகுதான் நாற்காலிப் பிடியை இறுக்கும் விரல்களும், சுருங்கும் புருவமும் என் கண்ணில் பட ஆரம்பித்தன. அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. வாய்க்குள் கருவி இருக்கும்போது நோயாளியால் பேச முடியாது. அதனால் ஆரம்பிக்கும் முன்பே, வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட வேண்டும். தூக்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் விட்டால் அடுத்த முறை அவர் கையைத் தூக்கமாட்டார், வாயைத்தான் மூடுவார்.

“இடக்கை எதுக்கு மேடம்?” என்றது ஒரு குரல்.

“நாம அவங்க வலப்பக்கம் உட்கார்ந்திருக்கோம். வலக்கையைத் தூக்கினா நம்ம கையிலதான் இடிக்கும்.”

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “மேடம், நான் இடக்கைக்காரி.”

“அப்ப நீ அந்தப் பக்கம் உட்காரணும். உன் நோயாளி வலக்கையைத் தூக்கட்டும்.”