காஜா: கழுத்து விளிம்பில் ஒரு போர்த்துக்கீசிய வீடு

தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ எந்தத் தையல்கடையில் கேட்டாலும் காஜா என்றால் பொத்தான் நுழையும் துளை. அதன் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையலுக்கும் அதே பெயர். நாகர்கோவிலில் 1820-களிலேயே ஆங்கில மிஷனரிப் பெண்கள் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள், அந்தச் சொல் ஆங்கிலமாகவே நின்றுவிட்டது. காஜாவின் பிறப்பிடம் வேறு. போர்த்துக்கீசிய மொழியில் 'காசா' என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் துளையையும் அவர்கள் அப்படியே அழைத்தார்கள். இந்தியில் அது காஜ் ஆனது, நம்மிடம் காஜா. பொத்தானும் அதே மொழியிலிருந்து வந்ததுதான், ஜன்னலும் சாவியும்கூட.

இதே தையலைச் சுடிதாரின் கழுத்து விளிம்பிலும் போடுகிறோம். அங்கே துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆகவே பாடநூல் நடையில் 'பொத்தான்துளைத் தையல்' என்று சொன்னால் பொருந்தவில்லை. ஒவ்வொரு குத்தலிலும் நூலை ஊசியின் அடியில் விட்டு இழுக்கிறோம். விளிம்பில் ஒரு கண்ணி விழுகிறது. குளச்சலில் வலை பின்னுபவரும் கண்ணி என்றுதான் சொல்வார். என் கணக்கில் சரியான தமிழ் 'விளிம்புக் கண்ணித் தையல்'. நெருக்கமாகப் போட்டால் காஜா, இடைவெளி விட்டுப் போட்டால் கம்பளி ஓரத் தையல். அடிப்படைக் கண்ணி ஒன்றே, அதனால் இங்கே இரண்டையும் காஜா என்றே சொல்கிறேன்.

பெயரைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு: காஜா போட்டால் கழுத்து விரியாது என்ற நம்பிக்கை. கண்ணிகள் இழுத்தால் கொஞ்சம் நீளும். வட்டக் கழுத்தில் முன்புறத்தின் இரு பக்கமும் துணி குறுக்குச்சாய்வாக வெட்டுப்படுவதால் அங்கேதான் தொய்வு தொடங்கும். என்னிடம் கற்ற ஒரு பெண் சுடிதாரின் கழுத்தை முதலில் வெட்டிவிட்டு, பிறகு வளையத்தில் மாட்டிப் பூவேலை செய்தார். காகித அளவில் முன்கழுத்து 30 செ.மீ.; முடித்தபின் துணியில் 31.5. போட்டுப் பார்த்தால் நெஞ்சுப் பக்கம் கழுத்து வாய் பிளந்து நின்றது. காஜா அழகாகத்தான் இருந்தது.

வரிசையை மாற்றினால் போதும். வெட்டாத துணியில் கழுத்துக் கோட்டை வரைந்துகொள்ளவேண்டும். உட்புறம் மெல்லிய துணிக் கேன்வாஸை 4 செ.மீ. அகலத்தில், கழுத்தின் வடிவத்திலேயே வெட்டி, கோட்டோடு நிற்கும்படி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டவேண்டும். காகிதக் கேன்வாஸ் மலிவுதான், ஆனால் துவைத்தபின் கசங்கி மடிப்பு விழும். பிறகு கோட்டிலிருந்து 3 மி.மீ. தள்ளி, உடைப் பக்கமாக, சின்ன ஓட்டுத் தையல் ஒரு வரி. உண்மையில் கழுத்தைப் பிடித்து வைப்பது இந்த வரியும் கேன்வாஸும்தான். அதன்பின் 15 செ.மீ. மர வளையத்தில் மாட்டி, கோட்டிலிருந்து 1.5 செ.மீ. தள்ளிச் சங்கிலித் தையலோ காம்புத் தையலோ போடலாம். உள் வளையத்தில் பருத்தி நாடா சுற்றினால் துணி நழுவாது. இரவு வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். நம் கடற்காற்றில் திருகாணி துருப்பிடித்துக் கறை இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்தபின்தான் வெட்டு. கோட்டிலிருந்து கழுத்துத் திறப்பின் பக்கமாக 5 மி.மீ. துணி விட்டு வெட்டி, அந்த விளிம்பில் 1.5 செ.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. ஆழ வெட்டுக்கள் கொடுத்து உள்ளே மடிக்கவேண்டும். காஜாவை வளையமின்றிக் கையில் பிடித்தே போடவேண்டும், விளிம்பை வளையம் கவ்வாது. விளிம்பிலிருந்து துணிக்குள் இறங்கும் நூல்தான் தையலின் கால்; அதன் நீளம் 7 மி.மீ., கால்களுக்கு இடைவெளி 4 மி.மீ.; மடிப்பு 5 மி.மீ. என்பதால் கால்கள் பிசிறைத் தாண்டி அதை அடக்கிவிடும். இடைவெளியை விளிம்பில்தான் அளக்கவேண்டும்; உள்வளைவில் கால்கள் தாமாகவே விரிந்துகொள்ளும். கால்களுக்கு நடுவே பிசிறு தெரிந்தால் இடைவெளி அதிகம். விளிம்பு உட்பக்கம் சுருண்டால் இழுப்பு அதிகம்.

நூலுக்கு ஆறு இழைப் பருத்தி நூலைப் பிரித்து மூன்று இழை போதும். பட்டுப்போல மின்னும் ரேயான் நூல் வழுக்கும், கண்ணி தளர்ந்துவிடும். அதை உட்பக்கப் பூவேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மொத்தக் கழுத்து 60 செ.மீ. என்றால் சுமார் 150 கண்ணிகள். ஒரு கண்ணிக்கு ஏறத்தாழ 2 செ.மீ. நூல், ஆக 3 மீட்டர். 45 செ.மீ. துண்டுகளாக ஊசியில் கோத்தால் முடிச்சு விழாது. முனைகள் வீணாவதைச் சேர்த்து எட்டு ஒன்பது துண்டுகள் ஆகும். புதிய துண்டைக் கடைசிக் கண்ணிக்குள்ளிருந்தே மேலே எடுத்தால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு நூலானால் முதலில் ஈரப் பஞ்சில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்க்கவேண்டும்.

அந்தச் சுடிதாருக்கு வந்த ஒன்றரை செ.மீ. தொய்வை, சாய்வுப் பகுதிகளில் மட்டும் ஓட்டுத் தையல் ஓட்டி நூலை இழுத்து 30-க்குக் கொண்டுவந்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, உட்புறம் கேன்வாஸ் வைத்துத் தைத்தோம். காஜாவை முழுதும் பிரித்து மறுபடி போட அவருக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.