தனியே ஊர் சுற்றும் ஒரு பக்கம்

எழுபது பக்க ஆய்வறிக்கையில் ஒரு பக்கம் மட்டும் மற்றப் பக்கங்களை விட்டுவிட்டுத் தனியே ஊர் சுற்றும். அதுதான் ஆய்வுச் சுருக்கம். மருத்துவ ஆய்வுகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் பல கட்டுரைகளுக்குச் சுருக்கம் மட்டுமே இலவசமாகக் கிடைக்கும், முழுவதையும் வாசிக்கக் காசு கட்ட வேண்டும். மாநாட்டுத் தொகுப்புகளில் அச்சாவதும் பெரும்பாலும் அதுவே. கொழும்பில் இறுதியாண்டு மாணவர்களின் அறிக்கைகளைத் திருத்தும்போது, நான் முதலில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அந்தப் பக்கம் தன் காலில் நிற்கிறதா, பின்னால் உள்ள அத்தியாயங்களில் சாய்ந்து நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. வெள்ளவத்தையில் பரல்களில் தண்ணீர் பிடித்து வைக்கும் 120 வீடுகள். சீட்டுக் குலுக்கி 60 வீடுகளுக்கு வலை மூடி கொடுத்தார்கள், மற்ற 60 வீடுகளுக்குக் கொடுக்கவில்லை. நான்கு வாரம் கழித்து வீடு வீடாகப் போய் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று தேடினார்கள். மாணவர் எழுதிய முதல் சுருக்கம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"டெங்கு இலங்கையில் பெரும் சுகாதாரப் பிரச்சினையாகும். இவ்வாய்வு தண்ணீர்ப் பாத்திரங்களை மூடுவதன் விளைவை ஆராய்கிறது. அத்தியாயம் 3 இல் கூறப்பட்ட முறையில் தரவுகள் சேகரிக்கப்பட்டன. குழு அ, குழு ஆ இலிருந்து குறிப்பிடத்தக்க வித்தியாசத்தைக் காட்டியது. பெறுபேறுகளும் பரிந்துரைகளும் விரிவாகக் கலந்துரையாடப்பட்டுள்ளன."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் மட்டும் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கைக்குப் போனால், மூடி வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்று அவரால் முடிவெடுக்க முடியாது. குழு அ எது? அத்தியாயம் 3 அவரிடம் இல்லை. வித்தியாசம் கூடினதா குறைந்ததா? கடைசி வாக்கியம்தான் மிக மோசம். பெறுபேறு கலந்துரையாடப்பட்டிருக்கிறது என்கிறதே தவிர, பெறுபேறு என்ன என்று சொல்லவில்லை. உள்ளடக்கப் பட்டியல் செய்ய வேண்டிய வேலையை அந்த வாக்கியம் செய்கிறது. எந்த ஆய்வின் அடியில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் வாக்கியம் எதுவோ, அதை நான் அடித்துவிடுவேன்.

திருத்திய வடிவம்:

"பரல்களை வலை மூடியால் மூடினால் வீடுகளில் நுளம்புக் குடம்பி குறையுமா என்று பார்த்தோம். வெள்ளவத்தையில் பரலில் தண்ணீர் சேமிக்கும் 120 வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 60 வீடுகளுக்கு மூடி கொடுத்தோம். நான்கு வாரத்தின் பின் மூடி கொடுத்த வீடுகளில் 6 இலும் (10 வீதம்), கொடுக்காத வீடுகளில் 15 இலும் (25 வீதம்) குடம்பி இருந்தது. வித்தியாசம் 15 வீதப் புள்ளிகள் (95 வீத நம்பிக்கை இடைவெளி 2 முதல் 28 வரை). மூடி கொடுத்த வீடுகளில் குடம்பி குறைவாக இருந்தது. டெங்கு நோயாளர் எண்ணிக்கையை நாம் அளக்கவில்லை."

நீளம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, ஆனாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். டெங்கு பெரிய பிரச்சினை என்ற வாக்கியம் போய்விட்டது, கொழும்பில் அதை யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இடத்தில் கேள்வி வந்து உட்கார்ந்தது. எண்களைப் பாருங்கள். "25 வீதத்திலிருந்து 10 வீதம்" என்று மட்டும் எழுதியிருந்தால், எத்தனை வீட்டில் என்ற கேள்வி தொங்கி நிற்கும். நான்கு வீட்டில் ஒன்றும் 25 வீதம்தான். அதனால் வீதமும் அதன் பின்னால் உள்ள வீட்டுக் கணக்கும் சேர்ந்தே பயணிக்க வேண்டும். 2 முதல் 28 வரை என்ற இடைவெளி இன்னொரு உண்மையைச் சொல்கிறது. மூடியின் பயன் மிகச் சிறியதாகவும் இருக்கலாம், மிகப் பெரியதாகவும் இருக்கலாம், 120 வீடுகளை வைத்து இதைவிட உறுதியாகச் சொல்ல முடியாது. "குறிப்பிடத்தக்க" என்ற சொல் இதை மறைத்து வைத்திருந்தது.

முடிவுரைக்கு வருவோம். பலர் சுருக்கத்தையே கொஞ்சம் நீட்டி அங்கே ஒட்டிவிடுகிறார்கள். சுருக்கம் என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்று சொல்லும். முடிவுரையோ கிடைத்ததை வைத்து எதுவரை பேசலாம் என்று சொல்ல வேண்டும். அறிக்கையை நடுவில் புரட்டாமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே "மேற்கூறிய காரணிகள்" போன்ற சொற்கள் அங்கேயும் உதவாது, மேலே இருப்பதை அவர் பார்க்கவில்லை. புதிய தரவும் அங்கே முளைக்கக் கூடாது.

வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. நம் மாணவர் "ஆகவே பரல்களை மூடினால் டெங்கு குறையும்" என்று முடித்துவிடுவார். தேடியது குடம்பியை, நோயாளரை அல்ல. இரண்டுக்கும் நடுவில் தூரம் அதிகம். பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் நுளம்பு வளரும், பக்கத்து வீட்டில் வளர்ந்த நுளம்பும் பறந்து வரும். அளந்த பொருளின் பெயரும் முடிவில் நிற்கும் பொருளின் பெயரும் ஒன்றா என்று பார்த்தாலே இந்தத் தவறு பிடிபடும். கிடைத்ததை மீறி முடிவு சொல்வது மாணவர் மட்டும் விடும் பிழை இல்லை. முதன்மை விளைவில் புள்ளியியல்படி வித்தியாசம் கிடைக்காத 72 மருத்துவப் பரிசோதனைக் கட்டுரைகளை ஓர் ஆய்வுக் குழு அலசி, 2010 இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது. அவற்றில் 42 கட்டுரைகளின் சுருக்கத்தில், முடிவுப் பகுதி சிகிச்சைக்குச் சாதகமாகத் தொனிக்கும்படி எழுதப்பட்டிருந்தது.

சரியான முடிவுரை இவ்வளவுதான் சொல்லும்: வலை மூடி கொடுத்த வீடுகளில் நான்கு வாரத்தின் பின் குடம்பி குறைவாக இருந்தது. பரலில் தண்ணீர் சேமிக்கும் வீடுகளுக்கே இது பொருந்தும், தொடர்மாடிகளுக்கு அல்ல. மூடி பல மாதம் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்கவில்லை, அடுத்த ஆய்வு ஒரு மழைக்காலம் முழுவதும் தொடர வேண்டும். "மேலும் ஆய்வு தேவை" என்று மொட்டையாக விடாமல், எந்த ஆய்வு என்று சொல்லிவிட்டது பாருங்கள்.

இரண்டையும் எப்போது எழுதுவது? அட்டவணைகள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக. முன்கூட்டியே எழுதினால் என்ன நடக்கும் என்று 1999 இல் ஜாமாவில் வந்த இன்னொரு ஆய்வைப் படித்தால் ஊகிக்கலாம். ஆறு மருத்துவ இதழ்களை எடுத்துப் பார்த்ததில், கட்டுரையோடு பொருந்தாத அல்லது கட்டுரையிலேயே இல்லாத தரவுகள் கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 வீதம் வரை இருந்தன.

நம் அறிக்கையிலேயே இது எப்படி நேரும் என்று பாருங்கள். மூடி கொடுக்காத வீடுகளில் இரண்டு பூட்டிக் கிடந்தன, கடைசி நாளில் உள்ளே போக முடியவில்லை, அவற்றைக் குடம்பி இல்லாத வீடுகள் என்று எண்ணக் கூடாது என்கிறார் மேற்பார்வையாளர். மாணவர் அட்டவணையில் 60 ஐ 58 ஆக மாற்றிவிடுகிறார். இப்போது 25 வீதம் 26 ஆகும், வித்தியாசம் 16 ஆகும், இடைவெளியின் மேல் எல்லை 29 ஆகும், மொத்தம் பார்த்த வீடுகள் 118 ஆகும். சுருக்கத்தில் எல்லாம் பழையபடியே கிடக்கும். தமிழில் அறிக்கை எழுதி ஆங்கிலத்திலும் ஒரு சுருக்கம் கொடுக்க வேண்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு, ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவார்கள்.

கண்ணால் ஓட்டிப் பார்ப்பது இதற்குப் போதாது. ஒப்படைப்பதற்கு முந்திய நாள் சுருக்கத்தையும் முடிவுரையையும் அச்செடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த அட்டவணையின் பக்க எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். பக்க எண் கிடைக்காத எண்ணை அழியுங்கள், அல்லது அட்டவணைக்குப் போய் மறுபடி கணக்குப் போடுங்கள். அப்புறம் அந்தத் தாளை வேறு துறையில் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, எத்தனை வீட்டில் என்ன செய்து என்ன கண்டார்கள் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் "அது பின்னால் இருக்குமோ?" என்று கேட்கிற இடத்தில் ஒரு சொல் குறைகிறது.