வரிசையாக இருபது தடவை தோற்பது துரதிர்ஷ்டமா?

பினாங்கில் என்னிடம் கடன் ஆலோசனைக்கு வருகிறவர்களில் குதிரையில் பணம் விட்டவர்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு தம்பி, நடுவுல சனி பிடிச்ச மாதிரி வரிசையா விட ஆரம்பிச்சிருச்சு." எத்தனை தடவை வரிசையாக விட்டது என்று கேட்டால் பதினைந்து என்பார்கள், இருபது என்பார்கள். அவர்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தால், அந்த இருபது வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஒரு அண்ணனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆட்டத்துக்குப் பத்து வெள்ளி. ஜெயித்தால் கட்டிய பணத்தோடு சேர்த்து 55 வெள்ளி கைக்கு வரும் குதிரைகளாகப் பார்த்துக் கட்டுவார், அதாவது 5.5 ஆட்ஸ். ஐந்துக்கு ஒன்று ஜெயிக்கிறேன் என்பது அவர் நம்பிக்கை. அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டத்தில் ஆயிரம் வெள்ளி கட்டி இருபது ஜெயித்தால் 1,100 திரும்பும். நல்ல லாபம்தான்.

இப்போது 400 ஆட்டம் ஆடுகிறார் என்றால் 80 வெற்றி வரும். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் ஒரு தோல்வி வரிசை தொடங்க வாய்ப்பு உண்டு. அடுத்த ஆட்டம் தோற்க 0.8, அதற்கடுத்ததும் தோற்க 0.8 × 0.8, இப்படியே பெருக்கிக்கொண்டு போகலாம். பத்து தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.107. அதை 80ஆல் பெருக்கினால் எட்டரை. அதாவது பத்தும் அதற்கு மேலும் நீளும் தோல்வி வரிசைகளை மட்டும் அவர் எட்டு ஒன்பது முறை பார்ப்பார். பதினைந்து என்றால் கிட்டத்தட்ட மூன்று முறை. இருபது என்றால் 80 × 0.0115, ஏறக்குறைய ஒன்று. இந்தக் கணக்கு ஒன்றில் வந்து நிற்கும் இடம்தான் எதிர்பார்க்க வேண்டிய மிக நீண்ட வரிசை. சரியாக அங்கேயே நின்றுவிடும் என்று பொருளில்லை. 30 தோல்வி வரிசையாக வரவும் இதே 400 ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.

மனம் ஏமாறும் இடம் இதுதான். இன்றைக்குத் தொடங்கி அடுத்த இருபதும் தோற்குமா என்றால் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்றே அதிகம். 400 ஆட்டத்துக்குள் எங்காவது இருபது வரிசையாகத் தோற்குமா என்றால் பாதிக்கும் மேல். முதல் கேள்வியின் விடையை வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்குப் பணம் ஒதுக்குகிறார்கள்.

ஆட்ஸ் இந்த நீளத்தை நேராக மாற்றுவதில்லை. ஜெயிக்கும் விகிதம்தான் மாற்றுகிறது. ஆனால் ஆட்ஸ் ஏற ஏற அந்த விகிதம் தானாகவே இறங்கும். அதே 400 ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று ஜெயிப்பவர் எட்டு வரை எதிர்பார்க்க வேண்டும், மூன்றுக்கு ஒன்று என்றால் பன்னிரண்டு, பத்துக்கு ஒன்று என்றால் முப்பத்தைந்து. (நாலு நம்பர் எடுப்பவர்கள் இதில் சேர்த்தியே இல்லை. 10,000 எண்களில் பரிசு 23 எண்களுக்கு. வாரம் மூன்று குலுக்கலுக்கும் ஒரே எண்ணை எடுத்து வந்தால், பத்து பேரில் ஏழு பேருக்கு வருடம் முழுவதும் ஆறுதல் பரிசுகூட விழாது.)

நம் அண்ணனுக்கு வந்தது 25. அது மட்டும் வந்திருந்தால் 250 வெள்ளியோடு போயிருக்கும். அவர் ஐந்து தோல்விக்கு ஒருமுறை பந்தயத்தை இரட்டிப்பாக்கினார். பத்து வெள்ளியில் ஐந்து, இருபதில் ஐந்து, பிறகு 40, 80, 160. இருபதாவது தோல்வியில் போனது 750. இருபத்தைந்தாவதில் 1,550. அடுத்த ஆட்டத்தில் 320 வெள்ளி கட்டி ஜெயித்தே விட்டார், லாபம் 1,440. அப்போதும் 110 வெள்ளி கீழேதான்! வரிசை நீண்டால் ஜெயித்தும் மீள முடியாத ஏணி இது. இவ்வளவு விட்டாச்சு, இனி வந்தே ஆகணும் என்று ஏறுகிறார்கள். பத்தொன்பது தோற்ற பிறகும் ஐந்துக்கு ஒன்று ஐந்துக்கு ஒன்றுதான். அடுத்த வெற்றிக்குச் சராசரியாக இன்னும் ஐந்து ஆட்டம் ஆக வேண்டும்.

ஏற்றாமல் பத்து வெள்ளியிலேயே நின்றாலும் மீள்வது மெதுவாகத்தான் நடக்கும். அவர் நம்பிய விகிதத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி லாபம் ஒரு வெள்ளி. 250 வெள்ளியை மீட்கச் சராசரியாக 250 ஆட்டம். தோல்வி வரிசை ஒரு வெற்றியில் முடிந்துவிடும், அது தோண்டிய பள்ளம் மாதக்கணக்கில் கிடக்கும்.

காலக் கணக்கும் மாறிவிட்டது. பினாங்கு டர்ஃப் கிளப் 2025 மே 31ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை, போனுக்கு இடம் மாறியது. இன்று ஹாங்காங், நாளை ஆஸ்திரேலியா. வாரத்துக்கு எட்டு ஆட்டம் ஆடியவர் இப்போது ஒரே நாளில் எட்டு ஆடுகிறார். ஆக ஒரு வருடத்தில் ஒருமுறை வந்திருக்கக்கூடிய இருபது, ஐம்பதே நாளில் வந்து நிற்கிறது. சம்பளம் மட்டும் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. போனில் பந்தயம் எழுதுகிற ஆள் கடனுக்கும் எழுதிக்கொண்டு வாரக் கடைசியில் கணக்குக் கேட்பதால், கையில் காசு தீர்ந்த இடத்தில் ஆட்டம் நிற்பதும் இல்லை.

இதையெல்லாம் விளக்கினால் சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். "அப்போ என் முறை சரிதான், வரிசைதான் வந்திருக்கு!" இந்த ஆறுதல்தான் எனக்குப் பெரிய கவலை. ஐந்துக்கு ஒன்று ஜெயிப்பவருக்கு 400 ஆட்டத்தில் எதிர்பார்க்கும் நீளம் இருபது. நூற்றுக்குப் பதினைந்து மட்டும் ஜெயிப்பவருக்கு இருபத்தைந்து. முதல் ஆள் 5.5 ஆட்ஸில் லாபம் பார்ப்பவர், இரண்டாமவர் ஒவ்வொரு வெள்ளிக்கும் பதினேழரை காசு இழப்பவர். இருவரின் தோல்வி வரிசையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நீளத்தை வைத்து முறை நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

அதைச் சொல்வது வெற்றிகளின் எண்ணிக்கை. ஒன்றை ஆட்ஸால் வகுத்தால் கைக்காசு கரையாமல் இருக்கத் தேவையான விகிதம் கிடைக்கும், 5.5க்கு அது நூற்றுக்கு 18.2. அண்ணனின் போனில் இருந்த செய்திகளை உட்கார்ந்து எண்ணினோம். 240 ஆட்டம், 38 வெற்றி, நூற்றுக்குப் பதினாறுகூட இல்லை. ஆட்டத்துக்குப் பத்தே வெள்ளி கட்டியிருந்தாலும் 2,400 போட்டு 2,090தான் எடுத்திருப்பார். உண்மையிலேயே ஐந்துக்கு ஒன்று ஜெயிப்பவருக்கும் 240 ஆட்டத்தில் 38 வருவது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. 48ஐச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஏறி இறங்கலாம். ஆனால் அவருடைய "ஐந்துக்கு ஒன்று" ஜெயித்த நாட்களை மட்டும் நினைவில் வைத்துச் சொன்னது. எழுதி வைத்த எண்ணிக்கை எதுவும் அதற்கு ஆதரவாக இல்லை.

அந்த வரிசை ஓடும்போதே 1,550ஐக் கட்ட அவர் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்திருந்தார், மீதிக்கு வட்டி முதலையிடம் போயிருந்தார். கார்டு கடனுக்கு பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயின் கடன் நிர்வாகத் திட்டத்தில் மாதத் தவணையைக் குறைக்க வழி உண்டு, ஆலோசனைக்குக் கட்டணமும் இல்லை. வட்டி முதலையின் கடன் அந்தத் திட்டத்துக்குள் வராது. அதனால் ஒருவர் எத்தனை ஆட்டம் விட்டார் என்று கேட்பதற்கு முன்பே, அந்த வரிசையை எந்தக் காசால் தாண்டினார் என்று கேட்டுவிடுகிறேன்.