மெதுவடையில் உளுந்தின் புரதம் எவ்வளவு, குடித்த எண்ணெய் எவ்வளவு?

காட்பாடியிலிருந்து உணவு ஆலோசனைக்கு வரும் ஒருவர், தம் குறிப்பேட்டில் காலைச் சிற்றுண்டியாக "மெதுவடை 3, புரதம் 36 கிராம்" என்று எழுதியிருந்தார். 100 கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு, ஒரு வடை 50 கிராம் இருக்கிறது, எனவே வடைக்கு 12 கிராம் என்பது அவர் கணக்கு. வேலூர்ப் பகுதியில் வடையைப் புரத உணவாக நம்பிச் சாப்பிடும் பலரிடமும் இதே கணக்கைப் பார்க்கிறேன். அந்த 24 கிராம் ஊறவைக்காத, உலர்ந்த பருப்புக்கு உரியது. வடையின் எடையிலோ தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பெரும்பங்கு இருக்கிறது.

ஆகவே வடையை நிறுக்காமல், ஊறவைக்கும் முன் பருப்பை நிறுக்குமாறு சொன்னேன். அவர் வீட்டில் 200 கிராம் உளுந்தில் 10 வடை வந்தது. வடைக்கு 20 கிராம் பருப்பு என்றால், அதில் புரதம் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மூன்று வடைக்கு 14 கிராம்தான்.

எண்ணெயைக் கண்டுபிடிக்க, பொரிப்பதற்கு முன்னும் பின்னும் வடையை நிறுத்துப் பயனில்லை. தண்ணீர் ஆவியாக வெளியேறும் அதே வேளையில் எண்ணெய் உள்ளே போவதால், எண்ணெய் குடித்த வடையும் எடை குறைந்தே காட்டும். வாணலியை எண்ணெயோடு சேர்த்து முதலில் ஒருமுறையும், பொரித்து முடித்து நன்றாக ஆறிய பின் ஒருமுறையும் நிறுக்க வேண்டும். அவர் வாணலியில் 64 கிராம் குறைந்திருந்தது. வடையை வடியவிட்ட காகிதத்தில் 4 கிராம் ஏறியிருந்தது. மீதி 60 கிராமும் பத்து வடைக்குள் போனது, அதாவது வடைக்கு 6 கிராம். உளுந்தின் சொந்தக் கொழுப்பு இதில் அரை கிராம்கூடச் சேர்க்காது.

மூன்று வடையில் பருப்பு தருவது சுமார் 200 கலோரி, எண்ணெய் தருவது 160 கலோரி. அதே 60 கிராம் உளுந்தைக் களியாகக் கிண்டினாலும் 14 கிராம் புரதம் கிடைக்கும்; இந்த 160 கலோரி வராது, நல்லெண்ணெயும் வெல்லமும் எவ்வளவு ஊற்றுகிறோம், போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கும்.

எண்ணெயின் அளவை மாவின் பதமே பெரிதும் முடிவு செய்கிறது. மாவில் தண்ணீர் கூடினால், ஆவி வெளியேறிய இடமெல்லாம் எண்ணெய்க்கு வழியாகிறது. எண்ணெய் காயாமல் போட்டால் மேல்தோல் இறுக நேரமாகி, வடை அதிக நேரம் எண்ணெயில் கிடக்கிறது. சமையல் சோடாவும் மாவைத் துளைகள் நிறைந்ததாக்கிவிடும். கவனிக்க வேண்டிய இன்னொன்று, எண்ணெயின் கணிசமான பகுதி வடையை வெளியே எடுத்த பிறகே உள்ளே போகிறது: ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. எடுத்த உடனேயே சூட்டோடு ஜல்லிக்கரண்டியில் வைத்து வடியவிடுவது அதனால்தான் முக்கியம். தட்டில் குவித்த பிறகு காகிதத்தால் ஒற்றுவதில் பலன் குறைவு.

கடை வடையில் பருப்பின் அளவும் தெரியாது, எண்ணெயின் அளவும் தெரியாது. பிட்டுப் பார்க்கும்போது உள்ளே வெண்மையாக, உலர்ந்து, பஞ்சுபோல் இருந்தால் வீட்டு அளவையே வைத்துக்கொள்ளலாம். உட்பகுதியும் மினுமினுத்து விரலில் எண்ணெய் ஒட்டினால், வடைக்கு 10 கிராம் எண்ணெய் என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். புரதம் அப்போதும் 5 கிராமுக்குள்தான்.